பட்டுப்பாவாடை தைக்கலாமா, ரெடிமேடா? வீட்டுல சண்டை!

மீனாட்சிபுரம் அம்மா:
பொண்ணுக்கு ஆறு வயசு. போன தீபாவளிக்குத் தைச்ச பட்டுப்பாவாடை இப்போ கெண்டைக்கால்ல நிக்குது. துணி 2,400, தையலும் லைனிங்கும் 600, போட்டது மொத்தம் நாலே தடவை. "இந்த வருஷமும் தைச்சுத்தான் போடணும்"ங்கறாங்க மாமியார். "1,100க்கு ரெடிமேட் செட் கிடைக்குது, எதுக்கு இந்தச் செலவு"ங்கறார் வீட்டுக்காரர். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கு. வளர்ற பிள்ளைக்கு எது சரி?

கணக்குப்புலி:
உங்க வீட்டுக்காரர் கட்சிதான் நான். 3,000 ரூபா நாலு தடவைக்கு, அதாவது ஒரு தடவைக்கு 750. ரெடிமேட்ன்னா வருஷத்துக்கு 1,100, வருஷா வருஷம் புது நிறம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் கடையிலேயே போட்டுப் பாத்துடலாம். டெய்லர் கடையில தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணி வரைக்கும் காவல் நின்னவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். அன்னைக்குக் கைக்கு வந்த சட்டைக்கு ஹூக்கே தைக்கல, ஊக்கு குத்தித்தான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம்.

அபி:
ரெடிமேட் வாங்குங்க, ஆனா ரெண்டு சைஸ் பெருசா வாங்கிடுங்க. ரெண்டு வருஷம் ஓடும். நான் என் பொண்ணுக்கு அப்படித்தான் செய்யறேன்.

ஊசிநூல்:
அபிம்மா, பாதி சரி. இந்த வயசுல பிள்ளைங்க உயரமாத்தான் வளரும், தோளும் மார்பும் அந்த வேகத்துல வளராது. ரெண்டு சைஸ் பெருசுன்னா பாவாடைக்குச் சரியா வரும், சட்டை தோளை விட்டு இறங்கும். கழுத்து அகலமாகி ஒரு பக்கமா சரிஞ்சுக்கிட்டே இருக்கும். போட்டோவுல பாருங்க, பிள்ளை ஒரு கையால தோளைப் பிடிச்சுக்கிட்டே நிக்கும்.

மீனாட்சிபுரம் அம்மா, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி போன வருஷப் பாவாடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. இடுப்புல பாடி சேர்ற இடத்துல மடிச்சு விட்ட துணி இருக்கா?

முப்பது வருஷமா தைக்கறேன், அதனால சொல்றேன். பாவாடைப் பட்டுல துணியோட அகலம்தான் பாவாடையோட நீளம். பார்டர் கீழே ஓடணுமே, அதனால அப்படி. ஆறு வயசுப் பிள்ளைக்கு இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் ஏறக்குறைய 25 அங்குலம். துணி 31 அங்குல அகலம்னா 6 அங்குலம் மிச்சம். தையலுக்கு ஒரு அங்குலம் போக 5 கையில நிக்கும். இதை வெட்டி எறியற டெய்லர்கிட்ட போகாதீங்க. கீழ மடிச்சா ஜரிகை பார்டர் உள்ளே போயிடும், அதனால பார்டருக்கு நேர் மேல ரெண்டு டக் பிடிப்பேன். ஒவ்வொண்ணும் முக்கால் அங்குல மடிப்பு, துணி ஒன்றரை அங்குலம் வாங்கும். மீதி ரெண்டு அங்குலத்தை இடுப்புல உள்ளே விட்டுடுவேன்.

இந்த வயசுல பிள்ளை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். அதுல இடுப்புக்குக் கீழ ஒன்றரை அங்குலம்னு வெச்சுக்கோங்க. வருஷம் ஒரு டக்கைப் பிரிச்சா சரியா இருக்கும், மூணாவது வருஷம் இடுப்புத் துணி. மெஷின்ல நீளத் தையல் போடச் சொல்லுங்க, இல்லன்னா கையால ஓட்டச் சொல்லுங்க. பொடித் தையல் போட்டா பிரிக்கும்போது பட்டுல ஓட்டை தெரியும்.

கணக்குப்புலி:
பாவாடை சரிம்மா, சட்டை? அது எப்படி மூணு வருஷம் வரும்?

ஊசிநூல்:
வராது, அதை மறைக்கல. ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் உள்ளே விட்டா அகலத்துக்கு ஒரு வருஷம் கூட வரும். கைக்குழியை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, வெட்டினது வெட்டினதுதான். கக்கத்துல சதுரத்துண்டு வெச்சுச் சமாளிப்பாங்க, பாக்க அழகா இருக்காது. அதனால முதல்லயே அரை மீட்டர் துணி தனியா எடுத்து பீரோவுல வெச்சுடணும். அடுத்த வருஷம் ஒரு சட்டை தைக்கத் துணி ஆச்சு.

ரெடிமேட் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்க, ஓவர்லாக் தையலுக்கு அந்தப்புறம் கால் அங்குலம்கூடத் துணி இருக்காது. பிரிச்சு விட அதுல எதுவும் இல்ல.

சின்னாளபட்டி குமார்:
என் பையன் ஸ்கூல் பேண்ட் மூணு மாசத்துல கட்டையாயிடுது. அதையும் தைக்கிறதா, வாங்கறதா? யாராவது சொல்லுங்க.

அபி:
குமார் அண்ணா, இங்க பாவாடைப் பேச்சு ஓடுது 😀

ஊசிநூல்:
பரவால்ல. தம்பி, பேண்ட்னா காலடியில ரெண்டரை அங்குலம் உள்ளே மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க. காட்டன் துணின்னா தைக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டுக் காய வைக்கணும். மூணு மாசத்துல வளர்ந்தது பையன்தானா, இல்ல துணி சுருங்கிச்சான்னு முதல்ல பாருங்க.

கணக்குப்புலி:
மறுபடியும் கணக்குக்கு வர்றேன். மூணு வருஷத்துக்குத் தைச்சா: 3,000, நடுவுல புதுச் சட்டைக் கூலி 350, டக் பிரிக்க ரெண்டு தடவையும் நூறு நூறு. 3,550. ரெடிமேட் மூணு செட் 3,300. ரெடிமேட் இன்னும் 250 கம்மி, மூணு நிறம் வேற. ஒரே பாவாடையை மூணு தீபாவளிக்குப் போடச் சொன்னா எந்தப் பிள்ளை கேக்கும்?

ஊசிநூல்:
கணக்கு சரிதான். ஆனா உங்க 1,100 செட் பட்டு இல்ல, பாலியஸ்டர் கலந்தது. அடுத்தடுத்து பிள்ளைங்க இருக்கிற வீட்டுல பட்டு தங்கைக்குப் போகும், அந்தச் செட்டுல ஜரிகை முதல் துவைப்பிலேயே கறுத்துடும். ஒரே பொண்ணுன்னா உங்க பேச்சை நான் தட்ட மாட்டேன்.

இன்னொண்ணு, பட்டாசு நேரத்துக்கு அந்தச் செட்டைப் போடாதீங்க. பொறி பட்டா பாலியஸ்டர் உருகித் தோலோட ஒட்டும். பட்டு அப்படி உருகி ஒட்டாது, ஆனா பாவாடை தரையில புரளுமே. எது வாங்கினாலும் பூஜை முடிஞ்சதும் அவுத்துட்டு, ஒரு பழைய காட்டன் கவுன் மாட்டி விடுங்க.

தஞ்சை பாட்டி பேத்தி:
எங்க வீட்டுல புதுத் துணியே எடுக்க மாட்டோம். அம்மாவோட பழைய பட்டுப்புடவை 48 அங்குல அகலம், அதுல பார்டரோட 30 அங்குலம் வெட்டினா பாவாடை, முந்தானையில சட்டை. கூலி மட்டும்தான். ஆனா மடிப்பு விழுந்து இத்துப்போன புடவையை வெட்டாதீங்க, என் தங்கை பாவாடை கோயில் பிரகாரத்துல உட்கார்ந்த இடத்துலேயே கிழிஞ்சது.

அபி:
டக் பிரிச்ச இடத்துல கோடு விழுமே? என் அக்கா பொண்ணுக்குப் பிரிச்சப்போ அந்தப் பட்டை மட்டும் புது நிறமா பளிச்சுன்னு தெரிஞ்சது.

ஊசிநூல்:
தெரியும்மா. அடிக்கடி போட்ட, துவைச்ச பாவாடைன்னா தெரியும். நாலு தடவை போட்டதுல அவ்வளவு தெரியாது. அதுக்குத்தான் டக்கைப் பார்டரை ஒட்டியே பிடிக்கறது, பார்க்கிறவங்களுக்கு அதுவும் பார்டர்ல ஒரு வரி மாதிரி இருக்கும். நடுப்பாவாடையில பிடிச்சா அக்கா பொண்ணு கதைதான்.

மீனாட்சிபுரம் அம்மா:
திருப்பிப் பாத்துட்டேன்! டக் எதுவும் இல்ல. பாடிக்குள்ள ரெண்டு அங்குலம் மடிச்சிருக்கார், எங்ககிட்ட சொல்லவே இல்ல. பிரிச்சா இந்தத் தீபாவளிக்குக் கணுக்கால் வந்துடும்போல. சட்டைதான் கைக்குழியில பிடிக்குது, மிச்சத் துணியும் கிடையாது. மாமியார் தன்னோட அரக்குப் புடவை ஒண்ணை எடுத்து வெச்சிருக்காங்க, சட்டைக்குப் பொருந்துமான்னு நாளைக்கு டெய்லர்கிட்ட காட்டணும். வீட்டுக்காரர் இன்னும் ரெடிமேட் கட்சிதான். பொண்ணைக் கேட்டா ரெண்டும் வேணாம், சுத்தினா குடை மாதிரி விரியற கவுன்தான் வேணுமாம்.

கணக்குப்புலி:
அந்தக் கவுனோட விலையையும் போடுங்க, கணக்குல சேர்க்கணும்.