361 வந்தால் கூடிய அந்த ஒரு பாகைக்கு என்ன பெயர்?

மாங்குளம், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வியாழன் காலை வட்ட வரைபு பற்றிய ஒரு பயிற்சித் தாளைப் போட்டோக்கொப்பிக்குக் கொடுக்க வேண்டும். ஒரேயொரு சொல்லில் நின்றுவிட்டேன்.

என் வகுப்பில் 35 பிள்ளைகள். பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்று அவர்களே கேட்டு எண்ணினார்கள். சைக்கிள் 13, பஸ் 9, நடை 6, மோட்டார் சைக்கிள் 5, ஓட்டோ 2. ஒவ்வொரு மீடிறனையும் 360ஆல் பெருக்கி 35ஆல் வகுத்து, கிட்டிய பாகைக்கு மட்டந்தட்டினோம். 134, 93, 62, 51, 21 என்று வந்தது. கூட்டினால் 361.

அடுத்த கேள்வி வீட்டுத் தண்ணீர் பற்றியது. கிணறு 18, குழாய் நீர் 12, குழாய்க் கிணறு 5. அதற்கு 185, 123, 51. கூட்டினால் 359. நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் கணக்குகளில் மொத்தம் 36 அல்லது 40 என்று இருக்கும், 360 மீதியில்லாமல் பிரியும். அதனால் இந்தச் சிக்கலைப் பிள்ளைகள் கண்டதே இல்லை.

ஒரு பிள்ளை 361ஐப் பார்த்துவிட்டு முழுவதையும் அழித்தாள். பக்கத்து மேசைப் பையன் ஒரு பிள்ளைக்கு 10 பாகை என்று வைத்துப் பெருக்கி 350 எடுத்திருந்தான். இருவரிடமும் "பிழை" என்றே சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அவள் ஒரு பிழையும் செய்யவில்லையே. மட்டந்தட்டியதால் வரும் அந்த ஒரு பாகைக்குத் தனிப் பெயர் வேண்டும். "எச்சப் பாகை" என்று எழுதிப் பார்த்தேன். 359க்கு அது பொருந்தும், வட்டத்தில் ஒரு பாகை வெறுமையாக எஞ்சுகிறது. 361இல் எதுவும் எஞ்சவில்லையே.

வவுனியா, திங்கள் இரவு

ரீச்சர், "கூடுகுறை" என்று வையுங்கள். எங்கள் ஆட்கள் "கூடக்குறைய இருக்கும்" என்று சொல்வதுதான். இரண்டு பக்கத்துக்கும் சரிவரும்.

அப்படியே மற்றச் சொற்களையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பில் எனக்கு ஒவ்வொரு நாளும் இடறும் சொல் ஆரைச்சிறை. இரண்டு ஆரைகளுக்கு நடுவே சிறைப்பட்ட இடம் என்று பொருள் தெரிந்தாலும் பிள்ளைகளுக்கு மறியல்தான் நினைவுக்கு வரும். "துண்டு" என்றால் போதாதா? வட்ட வரைபு என்பதையும் மாற்றலாம். பிரெஞ்சுக்காரர் தங்கள் பாற்கட்டியின் பெயரால் கமம்பேர் என்கிறார்கள். நமக்கு ரொட்டி இருக்கிறது. இந்த வரைபைக் கண்டுபிடித்த புளோரன்ஸ் நைட்டிங்கேலே அதை எளிமைக்காகத்தான் செய்தார்.

ஒட்டுசுட்டான், செவ்வாய் காலை

தம்பி, சிறை என்றால் இங்கே சிறகு. "அஞ்சிறைத் தும்பி" என்று படித்தோமே, அழகிய சிறகை உடைய தும்பி. ஆரை என்பது ஆரக்காலின் உறவு. மையத்திலிருந்து இரண்டு ஆரைகள் விரிய, நடுவே சிறகு போல் பரந்திருப்பது ஆரைச்சிறை. வரைந்து பாருங்கள், விரித்த சிறகேதான். இவ்வளவு நல்ல சொல்லைத் துண்டு என்று வெட்டிப் போட எனக்கு மனம் வராது.

மீடிறனையும் இதே கையோடு சொல்லிவிடுகிறேன். மீள் என்பதும் திறன் என்பதும் சேர்ந்தது அது. நாள், தொறும் சேர்ந்து நாடொறும் ஆவது போல் ளகரமும் தகரமும் கூடி டகரம் ஆயிற்று. தமிழகத்தில் நிகழ்வெண் என்கிறார்கள், அதுவும் தெளிவான சொல்தான். நிகழ்வெண் எத்தனை தடவை என்பதைச் சொல்கிறது; மீடிறன் மீண்டும் மீண்டும் வரும் ஆற்றலைச் சொல்கிறது. இரண்டும் வேறு பார்வை. இதைப் பற்றி இன்னொரு நாள் நீளமாக எழுதுவேன்.

இப்போது ரீச்சரின் சொல். "கூடுகுறை" வேண்டாம். ஊறுகாய் போல அது வினைத்தொகையாக நிற்கும். கூடிய குறை, கூடுகின்ற குறை, கூடும் குறை என்று விரியும். அதாவது வளர்ந்துகொண்டே போகும் குறை. நமக்கு வேண்டியது மிகையும் குறையும் என்ற உம்மைத்தொகை. ஆகவே "மிகைகுறை". இரண்டும் பெயர், இரண்டும் தமிழ்.

துணுக்காய், செவ்வாய் மதியம்

எனக்கும் இதே பிரச்சினை, அதனால் எழுதுகிறேன். 30 குடும்பங்களிடம் என்ன பயிர் செய்கிறீர்கள் என்று கேட்டோம். நெல் 24, உளுந்து 9, கச்சான் 8. ஒரு குடும்பத்துக்கு 12 பாகை, மட்டந்தட்ட எதுவும் இல்லை. 288, 108, 96. கூட்டினால் 492 வருகிறது. எனக்கு மிகைகுறை 132 பாகை. இதை எந்தத் துண்டில் கழிப்பது என்று யாராவது சொன்னால் அறிக்கையை முடித்துவிடுவேன்.

கிளிநொச்சி, செவ்வாய் இரவு

நான் நில அளவையில் இருந்தவன். முதலில் துணுக்காய்த் தம்பிக்கு: உங்களுடையது மட்டந்தட்டலால் வந்ததில்லை. நெல்லும் உளுந்தும் செய்யும் குடும்பம் இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருக்கிறது. 30 குடும்பத்துக்கு 41 விடை. 41ஆல் வகுத்தால் 360 வந்துவிடும், ஆனால் அப்போது ஒரு சிறை குடும்பங்களின் பங்கைச் சொல்லாது, விடைகளின் பங்கைத்தான் சொல்லும். எதையும் கழிக்க வேண்டாம், சலாகை வரைபு போடுங்கள்.

வவுனியாத் தம்பி, வட்ட வரைபை 1801இல் வெளியிட்டவர் வில்லியம் பிளேஃபேர். நைட்டிங்கேல் அம்மையார் 1858இல் தந்தது வேறு வகை. அதில் எல்லாக் கோணமும் சமன், ஆரைதான் நீண்டு குறையும். அங்கே கோணத்தைக் கூட்டிப் பார்க்கும் வேலையே இல்லை.

ரீச்சர், உங்கள் 361 எங்களுக்குப் பழகிய விஷயம். ஒரு காணியைச் சுற்றிக் கோணம் எடுத்துக்கொண்டு வந்தால் தொடங்கிய கல்லிலேயே முடிய வேண்டும். சிறிது விலகி முடியும். அந்த விலகல் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று ஓர் எல்லை இருக்கும். எல்லைக்குள் என்றால் பகிர்ந்து திருத்துவோம், தாண்டினால் திரும்பப் போய் அளப்போம். உங்கள் தாளிலும் அந்த எல்லையைப் போடலாம். ஒரு கோணத்தை மட்டந்தட்டும்போது அரைப் பாகைக்கு மேல் மாறாது. ஐந்து சிறை என்றால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் இரண்டரைதான். கூட்டுத்தொகை முழு எண் என்பதால் இரண்டுக்கு மேல் போகவே முடியாது. ஆகவே 361 பொறுக்கத்தக்கது. கடைசியில் கோணத்தை மட்டந்தட்டுவதால் 350 ஒருநாளும் வராது.

ஆனால் இந்த எல்லை எல்லாவற்றையும் பிடிக்காது. ஒரு பிள்ளைக்கு 10.3 பாகை என்று முதலிலேயே தட்டிவிட்டுப் பெருக்கினால் 134, 93, 62, 52, 21 வரும். கூட்டினால் 362. எல்லைக்குள் நிற்கிறது, ஆனால் செய்த முறை பிழை. இதைக் கண்டுபிடிக்க, முழுப் பாகையாக்கும் முன் ஒரு தசமத்தோடு ஒரு நிரல் எழுதச் சொல்லுங்கள். சரியாகச் செய்த பிள்ளைக்கு 133.7, 92.6, 61.7, 51.4, 20.6 வரும். கூட்டிப் பாருங்கள், 360.0. மற்றப் பிள்ளைக்கு 360.5 வரும்.

எதில் குறைப்பது என்பதையும் சொல்கிறேன். பலர் பெரிய சிறையில் கழிப்பார்கள், 134ஐ 133 ஆக்குவார்கள். உண்மைக் கோணம் 133.71. 0.71 விலகுகிறது. எது அரைக்கு அருகிலிருந்து மேலே தட்டப்பட்டதோ அதைக் கீழே இறக்குவதுதான் குறைந்த சேதம். இங்கே பஸ் 92.57, ஓட்டோ 20.57. இரண்டுக்கும் ஒரே பின்னம். தற்செயல் இல்லை. 9க்கும் 2க்கும் வித்தியாசம் 7, 7 பிள்ளைகளுக்குச் சரியாக 72 பாகை. அப்போது பெரியதில், பஸ்ஸில், குறைத்து 92 ஆக்குவேன். 21இல் ஒரு பாகை போனால் சிறை கண்ணுக்கே மெலியும்.

பெயர் என்று கேட்டால் "மட்டந்தட்டல் வழு". பூச்சிய வழு என்று விஞ்ஞானத்தில் படிக்கிறார்கள்தானே.

வவுனியா, புதன் காலை

சிறை என்றால் சிறகு என்பது எனக்குப் புதிது. ஐயாவுக்கு நன்றி, சொல்லை விட்டுவிடுகிறேன். ரொட்டியை இன்னும் விடவில்லை.

கணினியில் செய்பவர்களுக்கு ஒன்று. மீடிறன்களை B2 முதல் B6 வரை இட்டு, B7இல் அவற்றைக் கூட்டி, கீழே உள்ளதை C2இல் எழுதி இழுத்தால் ரீச்சரின் 361 அப்படியே வரும்:

```
=ROUND(B2*360/B$7,0)
```

ஆனால் வரைபு போடச் சொன்னால் அது மீடிறனிலிருந்தே நேரே வரைந்துவிடும், வட்டம் எப்போதும் மூடும். அதனால்தான் இந்த ஒரு பாகையை நான் இதுவரை கவனிக்கவே இல்லை.

மாங்குளம், புதன் மாலை

இன்று வகுப்பில் இரண்டு சொல்லையும் வைத்துப் பார்த்தேன். "வழு" என்று எழுதியதும் அழித்த அதே பிள்ளை, "அப்ப நான் பிழையா ரீச்சர்?" என்று கேட்டாள். கிளிநொச்சி ஐயா சொல்வது சொல்லளவில் சரி. கருவியின் வழு பிள்ளையின் பிழை ஆகாது. ஆனால் அதை அவளுக்கு விளக்கவே பத்து நிமிடம் போனது. மிகைகுறை என்றதும், மிகை என்றால் என்ன என்று நால்வர் கேட்டார்கள். "கூடக்குறைய" என்றதும் யாரும் கேட்கவில்லை.

ஒரு பையனுக்கு மட்டும் 360 வந்திருந்தது. நாலு கோணத்தைக் கணக்கிட்டு, கூட்டி, 360இலிருந்து கழித்து ஓட்டோவுக்கு 20 எழுதியிருந்தான். அப்படிச் செய்தால் நாலில் எது பிழைத்தாலும் 360 வந்துவிடும், சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஐந்தாவதையும் தனியே கணக்கிட வேண்டும் என்று தாளில் சேர்த்துவிட்டேன். எண்ணும்போதே ஒரு பிள்ளையை விட்டிருந்தாலும் கோணங்கள் 360க்கு வரும் என்பதால், மீடிறன் கூட்டுத்தொகையை இடாப்போடு ஒப்பிடும் வரியும் மேலே இருக்கிறது.

நேரம் இல்லை. நிரலின் தலைப்பில் "மிகைகுறை" என்று போடுகிறேன். அதற்குக் கீழே அறிவுறுத்தலில் "கூட்டுத்தொகை 360இலிருந்து கூடக்குறைய எத்தனை பாகை?" என்று கேட்கிறேன். அடுத்த தவணை இன்னும் நல்ல சொல் வந்தால் மாற்றலாம்.

ஒட்டுசுட்டான், புதன் இரவு

தலைப்பில் தமிழ் இருக்கிறது, எனக்குப் போதும். "கூடக்குறைய" பற்றியும் எனக்கு மனக்குறை இல்லை. அது நம் பேச்சுதான்.

துணுக்காய், புதன் இரவு

சலாகை வரைபாக மாற்றிவிட்டேன். ஆனால் மேலிடத்தில் வட்டம்தான் கேட்கிறார்கள். என்ன செய்வது?

கிளிநொச்சி, வியாழன் அதிகாலை

தம்பி, ஒரு வட்டம்தான் வேண்டும் என்றால் "அதிக காணியில் செய்யும் பயிர் எது" என்று குடும்பத்துக்கு ஒரு விடை மட்டும் கேளுங்கள். மொத்தம் 30 வரும், 12 பாகைக் கணக்கு சரியாக மூடும். ஆனால் அது வேறு கேள்வி என்று தலைப்பில் எழுத வேண்டும்.

ரீச்சர், தாள் போகட்டும். ஆனாலும் நான் வழுவை விடவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும்போது அந்தப் பிள்ளை இதே விலகலை வழு என்றுதான் படிப்பாள். மிகைகுறை என்று நீங்கள் பழக்கினால், இரண்டும் ஒன்று என்று அப்போது யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.