புதுப்பிப்பு: SPARC செயலியில் ஆழமான ரிகர்ஷன் மெதுவானதற்கு விடை கிடைத்தது

என் கேள்வி: "ஒவ்வொரு காலுக்கும் புது ரெஜிஸ்டர் தொகுதி தரும் ரெஜிஸ்டர் விண்டோ இருந்தால் ஃபங்ஷன் கால் வேகமாகத்தானே இருக்க வேண்டும்? என் லிங்க்டு லிஸ்ட் ரிகர்ஷன் ஏன் இழுக்கிறது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விண்டோ தீரும்போது வரும் ஓவர்ஃப்ளோ டிராப்பை எண்ணிப் பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. இந்தச் சிப்பில் 8 விண்டோ. ஒன்று டிராப்புக்குப் போக, மிச்சம் 7. அதைத் தாண்டி இறங்கும் ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிராப். ஒவ்வொன்றும் 16 ரெஜிஸ்டரை, அதாவது 64 பைட்டை, ஸ்டாக்கில் கொட்டுகிறது. திரும்பி வரும்போது அண்டர்ஃப்ளோ டிராப் அவற்றை மறுபடி ஏற்றுகிறது. என் ஃபங்ஷனுக்கு உண்மையில் காக்க வேண்டியவை இரண்டே: நோடின் மதிப்பு, ரிட்டர்ன் முகவரி.

அவரே சொன்ன மாற்று:

```
sparc-elf-gcc -O2 -mflat -c list.c
```

இதில் விண்டோவை மாற்றும் `save`, `restore` கட்டளைகள் வராது. தேவையான ரெஜிஸ்டரை மட்டும் ஃபங்ஷனே ஸ்டாக்கில் வைக்கிறது. லிஸ்ட் ஓட்டம் தெளிவாகவே வேகமானது. பழைய லைப்ரரிகளும் அப்படியே இணைந்தன.

விண்டோவைக் கூட்டச் சொன்ன நண்பர் பாதி சரி. 16 ஆனாலும் ஆயிரம் நிலை ஆழத்துக்கு அது எம்மாத்திரம்? டாஸ்க் மாறும்போது கொட்ட வேண்டியதும் கூடும். ஜாவாவின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பற்றி எழுதியவருக்கு: அது ஸ்டாக் இடமே தீர்ந்துபோவது, இங்கே தீர்வது விண்டோ மட்டும்.

எதிர்பாராதது: ஆழம் நாலைந்துக்குள் ஏறி இறங்கும் பார்சரில் `-mflat` மெதுவானது. அங்கே விண்டோ மெமரியைத் தொடுவதே இல்லை. அதனால் `list.c`-க்கு மட்டும் வைத்திருக்கிறேன். இன்டரப்ட் தாமதத்தை இன்னும் அளக்கவில்லை.