ஆஃபரை மறுத்து மெயில் எழுதணும், ஆனா பின்னாடி அங்கேயே சேர வழி இருக்கணும்

கேட்டவர்: சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு, இன்னும் ஒத்துக்கிட்டுப் பதில் போடலை. வேறொரு இடத்துல ஆட்டோமேஷன் வேலை கிடைச்சிருச்சு, அங்கதான் போறேன். ஆனா இவங்க மேனேஜரை ரொம்பப் பிடிச்சிருந்தது, பின்னாடி இவங்ககிட்ட சேர ஆசை. இப்படி எழுதியிருக்கேன்:

> தங்கள் வாய்ப்புக்கு மிக்க நன்றி. தற்போதைய சூழ்நிலையில் உடனடியாக இணைவது சற்றுக் கடினமாக உள்ளது. எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்.

ஏதோ இடிக்குது.

பொடிநடை: நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? ரிலீவிங் லெட்டர் கைக்கு வராம வெளிய வராதீங்க. நான் அதுக்கு அலைஞ்ச அலைச்சல் இருக்கே!

கேட்டவர்: ராஜினாமா இல்லைங்க, சேராத வேலையை வேண்டாம்னு சொல்றது.

மோர்க்குழம்பு: காரணமே எழுதாதீங்க. எழுதினா பேரம் ஆரம்பிச்சிடும்.

எச்ஆர்காரி: ஆள் எடுக்கிறது என் வேலை. இந்த மெயில் வந்தா மறுப்புன்னே எனக்குத் தெரியாது. சேர்ற தேதியைத் தள்ளிக் கேக்கறீங்கன்னு நினைச்சு "எப்போ முடியும்?"னு போன் பண்ணுவேன். அதுவரைக்கும் அடுத்த ஆளுக்கு ஆஃபர் போகாது. அப்புறம் வரலைன்னு தெரிஞ்சா எரிச்சல்தான் மிஞ்சும். அதனால ரெண்டாவது வரியிலேயே "ஏற்க இயலவில்லை"ன்னு எழுதிடுங்க.

காரணம் பத்தி மேல சொன்னது பாதி சரி. சம்பளம்னு எழுதினா கூட்டித் தரவான்னு கேப்போம். ஆனா உங்க காரணம் வேலையோட தன்மை. அதை ஒரே வரியில சொல்லலாம், அதுலயிருந்துதான் கடைசி வரியும் பிறக்கணும். "வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்" எல்லா மெயில்லயும் வரும், யார் கண்ணுலயும் நிக்காது. எந்த வேலைன்னு சொன்னாத்தான் அந்த இடம் காலியாகும்போது உங்க ஞாபகம் வரும்.

> டெஸ்டிங் பணிக்கு என்னைத் தேர்வு செய்தமைக்கு நன்றி. யோசித்த பின், இந்த வாய்ப்பை ஏற்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆட்டோமேஷனை முழுநேரமாகச் செய்யும் வேறொரு பணியில் சேர முடிவு செய்துள்ளேன். தங்கள் அணியின் ரிக்ரஷன் டெஸ்ட் சிக்கல்கள் குறித்து மேலாளருடன் பேசியது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. பின்னாளில் அந்த அணியில் ஆட்டோமேஷன் பணியிடம் வந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

ரிக்ரஷன் நான் சும்மா போட்டது, நீங்க நிஜமாப் பேசினதை எழுதுங்க. ஆஃபர்ல போட்டிருக்கிற கடைசித் தேதிக்கு முன்னாடி, அனுப்பின எச்ஆருக்கே பதிலா போடுங்க, மேனேஜரைக் காப்பியில வைங்க. ஆனா அந்த இன்னொரு ஆஃபர் எழுத்துல கைக்கு வந்திருக்கணும். வாய்வார்த்தையை நம்பி இதை அனுப்பாதீங்க.

கேட்டவர்: நேத்தே வந்திருச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. எந்தக் கம்பெனின்னு எழுதணுமா?

எச்ஆர்காரி: வேண்டாம். கேட்டா சொல்லிக்கலாம்.

மோர்க்குழம்பு: கேட்டாலும் சொல்ல மாட்டேன் நான். சேர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

எச்ஆர்காரி: அது உங்க இஷ்டம். மறைச்சா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், சில மேனேஜர்கள் நினைப்பாங்க.