அப்பா அம்மா வந்ததுக்கு அப்புறம் எங்க வீட்டுக் கணக்கு (குடும்ப வாட்ஸ்அப் குழு, ஞாயிற்றுக்கிழமை)

ரமேஷ் (தாம்பரம்), காலை 10:12
எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா இங்க வந்து பத்து மாசம் ஆச்சு. மாசக் கடைசில கைல எதுவும் நிக்க மாட்டேங்குது, எங்க போகுதுன்னும் தெரியல. மருந்து பில்லு மட்டும் எடுத்து வச்சிருக்கேன், மாசம் 4200 வருது. ஆனா இடிக்கிறது அதைவிட ரொம்ப அதிகம். இதை எப்படி கணக்குல கொண்டு வர்றதுன்னு கேக்கத்தான் போடுறேன். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா இந்த குரூப்ல இல்ல

செல்வி அக்கா (மதுரை)
என்னடா ரமேசு இப்படி கேக்குற. ரெண்டு வயசானவங்க எவ்வளவு சாப்பிட்ருவாங்க. நாலு பேருக்கு வைக்கிற உலைல ஆறு பேருக்கு வச்சா ஒரு ஆழாக்கு அரிசி கூட, அவ்வளவுதானே

சேகர் அண்ணன் (திருச்சி)
தம்பி ஹோம்ல சேர்க்கிற யோசனையா? அவசரப்படாத. பெரியப்பாவுக்கு அங்கெல்லாம் ஒத்துவராது

ரமேஷ்
ஐயோ இல்லண்ணே!! எங்க கூடத்தான் இருப்பாங்க. செலவை எப்படி பிரிச்சு எழுதுறதுன்னு மட்டும்தான் கேட்டேன்

சேகர் அண்ணன்
அப்ப சரி. நான் பயந்துட்டேன். எங்க அப்பா கடைசி ஒன்றரை வருஷம் படுக்கைல இருந்தப்ப டயப்பர் மட்டும் ஒரு நாளைக்கு மூணு, சில நாள் நாலு. அதை நான் மளிகை கணக்குலயே எழுதிட்டு வந்தேன், மளிகை ஏன் இவ்வளவு ஏறுதுன்னு உங்க அண்ணிகிட்ட சண்டை போட்டிருக்கேன், அப்புறம்தான் தெரிஞ்சுது

சித்தப்பா (அருப்புக்கோட்டை)
சேகர் சொன்னதுதான் விஷயம். ரமேசு நீ மருந்து பில்லை மட்டும் பாக்குற, அது கண்ணுக்குத் தெரியிற செலவு. மிச்சமெல்லாம் பால்ல, காஸ்ல, ஈபில, ஆட்டோவுல கரைஞ்சு போகும், அதுக்கு மேல அப்பா பேரு எழுதியிருக்காது. ஒண்ணு செய். அவங்க வர்றதுக்கு முந்தி உன் வீட்டுச் செலவு எவ்வளவு, இப்ப எவ்வளவு, ஒவ்வொண்ணா பக்கத்துல பக்கத்துல எழுது. போன வருஷம் அதே மாசத்தோட ஒப்பிடணும், வெயில் காலத்தை மழைக் காலத்தோட ஒப்பிட்டா தப்பா வரும்

கவிதா
மாமா என்கிட்ட நோட்டு இருக்கு. கல்யாணம் ஆனதுலேர்ந்து எழுதுறேன். மத்தியானம் பாத்துட்டு போடுறேன்

முருகன் (கோவை)
அண்ணா ஒரு விஷயம், அப்பா அம்மாவுக்கு 60 தாண்டிட்டதால மருத்துவச் செலவு 50,000 வரைக்கும் டாக்ஸ் போடுற வருமானத்துல கழிக்கலாம். இன்சூரன்ஸ் இல்லாட்டியும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பண்றார். அதை பண்ணியே பாதி சரிக்கட்டிடலாமே

சித்தப்பா
முருகா பாதி சரி. இன்சூரன்ஸ் இல்லாத 60 வயசுக்காரங்களுக்கு மருத்துவச் செலவு கழிக்கலாம், ஆனா ரொக்கமா குடுத்தா எடுத்துக்க மாட்டாங்க. யார் குடுத்தாங்களோ அவங்கதான் கழிக்கலாம். முக்கியமா பழைய முறைல டாக்ஸ் கட்டுறவங்களுக்கு மட்டும்தான். ரமேசு நீ எதுல இருக்க?

ரமேஷ்
புது முறை சித்தப்பா. வீட்டு லோன் முடிஞ்சதும் மாத்திட்டேன்

சித்தப்பா
அப்ப உனக்கு அதுல ஒரு பைசா இல்ல. அதை நம்பி கணக்கு போடாத. முருகன் பழைய முறைல இருந்தா, சில பில்லை அவனே நேரா ஜிபேல கட்டட்டும், அவனுக்குப் பிரயோஜனம்

முருகன்
நான் பழைய முறைதான் சித்தப்பா. சரி ஆஸ்பத்திரி, டெஸ்ட் எல்லாம் பில்லு வந்ததும் எனக்கு அனுப்பு அண்ணா, நான் கட்டிடறேன்

கவிதா, மதியம் 2:40
பாத்துட்டேன். எல்லாம் மாசத்துக்கு, முந்திக்கு இப்ப எவ்வளவு கூடன்னு போடுறேன்
பால் தினம் அரை லிட்டர் பாக்கெட் ஒண்ணு கூட, 660
சிலிண்டர் முந்தி ஒன்றரை மாசம் வரும் இப்ப ஒரே மாசம், கணக்குப் பண்ணா 290 கூட. மாமாவுக்கு ராத்திரி தனியா கோதுமை ரவை, அத்தைக்கு குழைவா சாதம், அடுப்பு ரெண்டு தடவை எரியுது அதான்
மளிகை காய் பழம் சேர்த்து 3500
ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 1200, பஸ்ல மாமாவால ஏற முடியல
அண்ணி அரிசி நீங்க சொன்ன மாதிரி கொஞ்சம்தான் கூட. பழம், ஓட்ஸ், முட்டை, நாட்டுக் காய் இதுதான் ஏத்துது, டாக்டர் எழுதிக் குடுத்தது

செல்வி அக்கா
அது சரிம்மா. எனக்கு தெரியாம சொல்லிட்டேன்

கவிதா
ஈபியைப் பாத்து எனக்கே ஆச்சரியமா இருக்கு. போன வருஷம் இதே ரெண்டு மாசம் 480 யூனிட், 1679 ரூபா. இந்த தடவை 560 யூனிட், 2544. 80 யூனிட்டுக்கு 865 ரூபாயா?? மீட்டர்ல ஏதும் கோளாறா

சித்தப்பா
மீட்டர் நல்லாத்தான் இருக்கும்மா. 500ங்கிற கோட்டை தாண்டிட்டீங்க. 500க்குள்ள இருந்தா 101லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35 தான். 500ஐ தாண்டின உடனே அதே நூறு யூனிட்டுக்கும் 4.70 போட்டுருவான், அதுல மட்டும் 235 போச்சு. 500க்கு மேல உள்ள அறுபதும் 8.40 ரேட்டு. அதான் கடைசி எண்பது யூனிட் அவ்வளவு குத்துது

ரமேஷ்
இது எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. பகல்ல ஃபேன், டிவி, அப்பாவுக்கு காலைல ஹீட்டர். அதை நிறுத்தவும் முடியாது

சித்தப்பா
அப்பா வெந்நியை நிறுத்தாத. ஹீட்டரை குளிக்கிறதுக்கு பத்து நிமிஷம் முந்தி போட்டுட்டு அணைச்சிரு, நாள் பூரா ஆன்ல விடாத. ரெண்டு மாசத்துல எண்பது யூனிட்னா ஒரு நாளைக்கு ஒரு யூனிட் சொச்சம்தான். ஒரு மாசம் கழிச்சு மீட்டரைப் பாரு, 250ஐ தாண்டியிருந்தா இன்னும் ஒரு மாசம் கையில இருக்கு, கவனமா இருந்துக்கலாம்

கவிதா
மருந்து 4200 இருந்துச்சு, போன மாசம் 2900 ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட சீட்டை காட்டி கேட்டேன், ஒன்பது மாத்திரைல நாலை முதல்வர் மருந்தகத்துல வாங்கிக்கலாம்னாங்க, சுகர், பிரஷர் மாத்திரை. அத்தையோட தைராய்டு மாத்திரையை மட்டும் அடிக்கடி கம்பெனி மாத்தாதீங்க, மாத்தினா திரும்ப டெஸ்ட் எடுத்து பாக்கணும்னு சொன்னாங்க, அதனால அதை தொடல

ரமேஷ்
அப்ப பால் காஸ் மளிகை ஆட்டோ, ஈபில மாசத்துக்கு ஒரு 430, மருந்து 2900, எல்லாம் சேர்த்தா 8980. ஒன்பதாயிரம்னு வச்சுக்கலாம்

சித்தப்பா
இது மாசாமாசம் வர்றது. வருஷத்துல எப்பவாவது வர்றதை எழுதலியே? அதுதான் உன்னை சாய்க்குது

ரமேஷ்
மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்த டெஸ்ட் 2400, வருஷத்துக்கு 9600. கண்ணாடி, பல்லு இந்த வருஷம் 14,400 ஆச்சு. அப்புறம் மொய்

முருகன்
மொய்யா அண்ணா??

ரமேஷ்
ஆமாடா. அப்பாவுக்கு வாங்கின மொய்யை திருப்பிச் செய்யணும்ல, நோட்டை எடுத்து வச்சிருக்காரு. ஊர்ல பங்காளி வீட்டு கல்யாணம், காதுகுத்து, பொங்கல் திருவிழா. ரெண்டு பேரும் டிரெயின்ல போய் வர்றதோட வருஷம் 24,000. நான் இதை அப்பா அம்மா செலவுன்னு நினைக்கவே இல்ல, ஏதோ விசேஷ செலவுன்னு விட்டுட்டேன்

சித்தப்பா
9600, 14400, 24000. நாற்பத்தெட்டாயிரம். பன்னெண்டால வகு, மாசம் 4000. அதை மாசம் பொறந்ததும் தனியா எடுத்து வை, வேற அக்கவுண்ட்ல. போஸ்டாபீஸ் ஆர்டி போடாத, நானே போஸ்டாபீஸ்லேர்ந்து ரிட்டயர் ஆனவன் சொல்றேன், அது அஞ்சு வருஷம், நடுவுல தேவைப்பட்டா எடுக்க கஷ்டம். பேங்க்ல ஒரு வருஷ ஆர்டி போடு, இல்ல சும்மா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் போதும். திருவிழா வந்தா அதுலேர்ந்துதான் எடுக்கணும், சம்பளத்துல கை வைக்கக் கூடாது

ரமேஷ்
ஆக 13,000. அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு, இங்க ஒரு ஆஸ்பத்திரில 60,000 சொல்றாங்க, அது இதுல இல்ல

செல்வி அக்கா
அம்மாவை மதுரைக்கு அனுப்புடா. இங்க அரவிந்த்ல பாத்துக்கலாம், என் மாமியாருக்கு அங்கதான் பண்ணோம். ஒரு மாசம் என்கிட்ட இருக்கட்டும், கவிதாவுக்கும் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்

கவிதா
அண்ணி ரொம்ப நல்லது. ஆனா மாமா அத்தையை விட்டு இருக்க மாட்டாங்களே

செல்வி அக்கா
ரெண்டு பேரையும்தான் சொல்றேன்

சித்தப்பா
வரவையும் எழுதணும். அண்ணனுக்கு மில்லு பென்ஷன் 2150. சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல எட்டு லட்சம் நான்தான் போட்டுக் குடுத்தேன் 2023ல, 8.2 வட்டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை 16,400 விழும். மாசத்துக்கு பிரிச்சா 5460 சொச்சம். ரெண்டும் சேர்த்து 7600

முருகன்
அப்ப 13,000ல 7600 போக 5400 தான் அண்ணா பள்ளம். ஏடிஎம் கார்டை வாங்கி நீயே எடுத்துக்க வேண்டியதுதானே

சித்தப்பா
அப்படி பண்ணாதடா. முப்பத்தி நாலு வருஷம் ஷிப்டு பாத்த மனுசன். பேரப்பிள்ளைக்கு ஒரு மிட்டாய் வாங்கணும்னாலும் மகன்கிட்ட கை நீட்டணும்னா அது அவருக்கு ஆகாது. மாசம் ரெண்டாயிரம் அவர் கைல இருக்கட்டும், எதுக்குன்னு கேக்காதீங்க. மிச்சம் 5600ஐ வீட்டுக்குத் தரச் சொல்லு, அவரே சந்தோசமா தருவார், நீ கேக்கலேன்னுதான் வருத்தமா இருக்கும். அப்ப பள்ளம் 7400

ரமேஷ்
உண்மைதான் சித்தப்பா. போன தீபாவளிக்கு நான் ஏதாவது தரட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்பான்னு சொன்னேன். முகம் வாடிப் போச்சு

முருகன்
அண்ணா நான் மாசம் 3000 போடுறேன். இந்த மாசத்துலேர்ந்து. டெஸ்ட் பில்லையும் நான் கட்டினா அந்த 9600ம் உன் கணக்குலேர்ந்து போயிடும்ல

ரமேஷ்
ஆமா, அப்ப எனக்கு இன்னும் 800 குறையும்

செல்வி அக்கா
என்னால மாசாமாசம் முடியாதுடா, எங்க வீட்டுக்காரர் நிலைமை உனக்கே தெரியும். கண்ணு ஆபரேஷன் செலவை நான் பாத்துக்கிறேன்

சித்தப்பா
அது போதும்மா

கவிதா
ஒண்ணு சொல்லட்டுமா மாமா. யாரும் தப்பா நினைக்க வேண்டாம். சாயங்காலம் ஏழு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்துட்டு இருந்தேன், மாசம் 6000 வரும். மாமாவுக்கு சுகர் இறங்கி ஒரு நாள் சாயங்காலம் மயக்கம் வந்ததுலேர்ந்து நிறுத்திட்டேன். அது இந்த நோட்டுல எந்த வரியிலயும் வராது

*(கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடவில்லை)*

ரமேஷ்
நான் இதை யோசிக்கவே இல்ல கவிதா

செல்வி அக்கா
பெத்தவங்களை பாக்குறதுக்கு கூலி போடுறதா அப்டின்னு எழுத வந்தேன், அழிச்சிட்டேன். நானும் மாமியாருக்காக தையல் மெஷினை மூட்டை கட்டுனவதான்

முருகன்
அண்ணி சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் யாரையாவது வச்சா?

கவிதா
விசாரிச்சேன் முருகா, ரெண்டு மணி நேரத்துக்குன்னு யாரும் வர மாட்டேங்கிறாங்க, பன்னெண்டு மணி நேரம்னாதான் வருவாங்களாம். அதுக்கு என் டியூஷன் காசு மூணு மடங்கு வேணும்

சித்தப்பா
அந்த 6000ஐயும் எழுதி வைம்மா, கழிச்சு வைக்க வழி இல்லேன்னாலும். மூணு பேரும் மதுரைல ஒரு தடவை உக்காந்து பேசுங்க. போன்ல வேண்டாம்

சித்தப்பா
ரமேசு இன்னொண்ணு. அண்ணனோட மில்லு பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று போன வருஷம் எந்த மாசம் குடுத்தது? குடுத்த தேதிலேர்ந்து ஒரு வருஷம்தான், தாண்டினா பென்ஷன் நின்னுடும்

ரமேஷ்
ஞாபகம் இல்ல சித்தப்பா. அப்பா தூங்குறாங்க. எந்திரிச்சதும் கேட்டுட்டு போடுறேன், அந்த 5600 விஷயத்தையும் நானே பேசிடறேன்