நேண்ட் கேட்டில் எக்ஸ்-ஆர்: கடைசி வரி மட்டும் தப்பாக வருகிறது

வணக்கம் நண்பர்களே. 7400 ஐசியில் உள்ள நான்கு நேண்ட் கேட்களை வைத்து பிரெட்போர்டில் எக்ஸ்-ஆர் சுற்று போட்டிருக்கிறேன். A, B இரண்டும் முதல் கேட்டுக்குப் போகின்றன. அதன் வெளியீடு (பின் 3) A-யுடன் இரண்டாவது கேட்டுக்கும், B-யுடன் மூன்றாவதற்கும் போகிறது. அந்த இரண்டின் வெளியீடுகளும் நான்காவதில் சேர்ந்து Y ஆகின்றன.

00, 01, 10 மூன்றும் சரி. 11 கொடுத்தால் மட்டும் 0 வராமல் 1 வருகிறது, அதாவது ஆர் கேட்டின் அட்டவணை!

தாளில் போட்டுப் பார்த்தேன். 11-க்கு பின் 3 0 ஆக வேண்டும்; அப்புறம் இரண்டாவது, மூன்றாவது கேட்கள் 1, 1; Y = 0. மீட்டரில் பின் 3 0.2 வோல்ட், சரிதான். ஆனால் இரண்டாவது கேட்டின் வெளியீடான பின் 6, 1 ஆகாமல் 0 ஆக இருக்கிறது. அதன் உள்ளீடு பின் 5-இல் ஐசி காலிலேயே அளந்தால் 1.5 வோல்ட்.

பின் 3-லிருந்து பின் 5-க்கு வரும் கம்பி விட்டுப்போய், தொங்கும் உள்ளீட்டை ஐசி 1 என்று எடுத்துக்கொள்கிறதா? கம்பியை மாற்றினால் போதுமா, அல்லது கேட்டே போயிருக்குமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.