பொருள்: ‘லாக்டவுன் பிரௌசர்’ – தமிழில் எது?

கயல்: ஆசிரியர் பள்ளியின் கணினி நிர்வாகிக்கு அனுப்பும் மாதிரி மின்னஞ்சல் ஒன்று தயாராகிறது. “தேர்வு நேரத்தில் ஆய்வகக் கணினிகளில் ‘பூட்டிய உலாவி’ வேண்டும்” என்று எழுதியிருக்கிறேன். சொல் சரிதானா?

முருகேசன்: கியாஸ்க் நிலையைத்தானே கேட்கிறீர்கள்? ‘முழுத்திரை நிலை’ என்றாலே புரியும். குரோம் குறுக்குவழியில் `--kiosk` சேர்த்தால் முகவரிப்பட்டை மறைந்துவிடும்.

நஸ்ரின்: மறைவது பட்டை மட்டும்தான், முருகேசன் ஐயா. விண்டோஸில் `Alt+Tab` அழுத்தினால் அடுத்த சாளரம் வரும். `Alt+F4` குரோமையே மூடிவிடும். குரோம் ஏற்கெனவே திறந்திருந்தால் `--kiosk` வேலை செய்யாமல் சாதாரணச் சாளரமே வரும். ‘முழுத்திரை’ என்று கேட்டால் நிர்வாகி இதைத்தான் செய்து கொடுப்பார், அவர்மேல் தவறில்லை.

‘பூட்டிய உலாவி’யும் பாதிதான். இயங்குதளத்தின் விசைகளையும் மற்ற நிரல்களையும் தடுப்பது ஒரு வேலை, எந்தத் தளங்கள் திறக்கலாம் என்பது இன்னொரு வேலை. முதலாவதைத் ‘தேர்வுப்பூட்டு’ எனலாம். Safe Exam Browser என்ற தேர்வு உலாவி செய்வது அது. இரண்டாவதற்கு ‘அனுமதிப் பட்டியல்’ இருக்கிறது. மின்னஞ்சலில் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். குரோமில் பட்டியல் இப்படி இருக்கும்:

```
URLBlocklist: ["*"]
URLAllowlist: ["exam.example.org",
               "login.example.org"]
```

பலரும் விடுவது அந்த இரண்டாம் முகவரியைத்தான். தேர்வுத்தளம் உள்நுழைவுக்கு வேறு தளத்துக்கு அனுப்பும். அது பட்டியலில் இல்லையென்றால் மொத்த வகுப்பும் வாசலிலேயே நிற்கும். தேர்வுக்கு முதல்நாளே ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். `chrome://policy` பக்கம் திறந்து, அதில் இந்த இரண்டும் தெரியாவிட்டால் அமைப்பு அந்தக் கணினிக்கு வந்துசேரவில்லை. ஃபயர்பாக்ஸும் நிறுவியிருந்தால் அதை இந்தப் பட்டியல் தொடாது. Safe Exam Browser-ஐயும் தொடாது, அதன் பட்டியலை அதன் அமைப்பிலேயே தர வேண்டும்.

செல்வம்: எங்கள் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் எழுதுகிறார்கள். அதற்கும் இதே சொல்லா?

நஸ்ரின்: சொல் பொருந்தும், அமைப்பு பொருந்தாது. வீட்டுக் கணினி நிர்வாகி கையில் இல்லை. Safe Exam Browser-ஐ மாணவரே நிறுவ வேண்டும். அங்கே தேர்வு நடக்கும் ‘மூடில்’ கற்றல் தளத்தின் பக்கத்தில் அந்த உலாவியைக் கட்டாயமாக்காவிட்டால், இணைப்பை நகலெடுத்துச் சாதாரண குரோமில் திறந்துவிடுவார்கள். ஆய்வகத்திலும் இந்த ஓட்டை உண்டு.

முருகேசன்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தேர்வுப்பூட்டு’ என்றால் தேர்வையே பூட்டியதுபோல் ஒலிக்கிறதே. ‘தேர்வுக்கால உலாவிப்பூட்டு’?

நஸ்ரின்: நீளம். அமைப்புத் திரையின் பொத்தானில் அடங்காது.

கயல்: திருத்திய வரிகள்: “ஆய்வகக் கணினிகளில் தேர்வுப்பூட்டு இயங்க வேண்டும், பிற நிரல்களுக்கு மாற முடியக்கூடாது. அனுமதிப் பட்டியலில் தேர்வுத்தளமும் உள்நுழைவுத்தளமும் மட்டும். வெளியேறும் கடவுச்சொல் கண்காணிப்பாளரிடம் இருக்கட்டும். கணினி உறைந்தால் அவரே மூடித் திறப்பார்.” திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவருக்குப் பூட்டில் தரும் விலக்கை எப்படிச் சொல்வது? ‘பூட்டுவிலக்கு’ பிடிக்கவில்லை.

செல்வம்: ‘பூட்டுத்தளர்வு’?