செத்த உடலா, மீளா நிலையா: சுமோ சொல் ஒன்று வேண்டும்

கயல்:
குழுவினருக்கு வணக்கம். சப்பானிய மற்போரான சுமோ பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மல்லர்களின் உயர்ந்த பட்டங்களை யோகோசுனா, ஓசெகி என்று அப்படியே வைத்துவிட்டேன். யோகோசுனா இடுப்பில் கட்டும் கயிற்றை வைத்து ‘வடமல்லர்’ என்று எழுதிப் பார்த்தேன். படித்த மூவரும் வடநாட்டு மல்லர் என்றே புரிந்துகொண்டார்கள்.

சிக்கல் ‘ஷினிதாய்’, ‘கபாய்தே’ என்ற இரண்டில்தான். முன்னதற்குச் சொல்லுக்குச் சொல் ‘செத்த உடல்’ என்று பொருள்; பின்னது கீழே விழுபவரைக் காக்க மேலே இருப்பவர் ஊன்றும் கை. 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை விட்டு முதலில் வெளியே கால் வைப்பவரோ, உள்ளங்கால் தவிர வேறெந்த உறுப்பாவது முதலில் மண்ணில் படுபவரோ தோற்றார் என்பது விதி. பெரும்பாலான ஆட்டங்கள் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. ஆனால் 1972 சனவரிப் போட்டியின் எட்டாம் நாளில் யோகோசுனா கிதானோஃபுஜி, எதிராளி தகானோஹானாவின் காலைத் தன் காலால் வெளிப்புறமாகக் கொக்கியிட்டுச் சாய்க்கிறார். தகானோஹானா வில்லாய்ப் பின்னால் வளைந்து திருப்ப, இருவரும் சேர்ந்து விழுகையில் கிதானோஃபுஜியின் கைதான் முதலில் மண்ணைத் தொடுகிறது. களநடுவர் தகானோஹானா பக்கம் விசிறியைக் காட்டுகிறார். கீழே அமர்ந்திருந்த தீர்ப்பாளர்கள் மேடையேறிக் கலந்து பேசி, தீர்ப்பை மாற்றி, கிதானோஃபுஜி வென்றதாக அறிவிக்கிறார்கள். காரணம் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. எனக்கு ஒரே வரிதான் இடம்.

முருகேசன்:
அம்மா, சொல் எதற்கு? வீடியோவைப் போட்டுப் பார்த்தால் யார் கை முதலில் பட்டது என்று தெரிந்துவிடுமே. எங்கள் ஊர்க் கபடியில் அவுட் ஆனவனைச் ‘செத்தவன்’ என்போம். ஷினி என்றாலும் சாவுதான் என்கிறார்கள். ‘செத்தவன்’ என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

மாசிலாமணி:
அன்புள்ள கயல், ‘சாயுடல்’ என்பதே தக்க சொல். சாய்தலும் சாதலும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் கருத்து. சாய்வின் முடிவே சாவு. மேலும் ‘ஷினி’யில் ஒலிக்கும் சகரத்தையும் நம் ‘சா’வையும் ஒப்பிட்டால், சப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ காட்டிய தமிழ்–சப்பானிய உறவுக்கு இன்னொரு சான்று கிடைக்கும். ‘தாய்’ என்னும் பின்னொட்டையும் ஆராய வேண்டும்.

பர்வீன்:
ஐயா, ‘தாய்’ என்பது சீனத்திலிருந்து சப்பானியத்துக்கு வந்த சொல். உடல் என்று பொருள். அதை நம் வேரோடு ஒட்ட முடியாது. திரையில் ‘ஷினிதாய்’ என்று வந்தால் யாருடைய தாய் என்று கேட்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

முருகேசன் ஐயாவுக்கு: யோகோசுனா தாய்ஹோவின் 45 தொடர் வெற்றிகள் முடிந்த ஆட்டத்தில், எதிராளி தோதாவின் கால்தான் முதலில் வெளியே போனதென்று படங்களில் தெரிந்த பிறகு, 1969 முதலே தீர்ப்புக்கு வீடியோவைப் பார்க்கிறார்கள். 1972-இல் யார் கை முதலில் பட்டது என்பதில் குழப்பமே இல்லை. அந்தக் கை படுவதற்கு முன்பே மற்றவர் தோற்றுவிட்டாரா என்பதுதான் கேள்வி. குதிகால் மட்டும் மண்ணில் ஊன்றி, கால்விரல்கள் வானத்தைப் பார்த்து, உடல் இனித் திரும்ப முடியாதபடி மல்லாந்துவிட்டால் அவர் மண்ணைத் தொடாமலே தோற்றவர் ஆகிறார். மேலே இருப்பவர் தன் முழு எடையும் அவர்மீது விழாதிருக்கக் கையை ஊன்றினால் அது குற்றமாகாது. கபடியில் செத்தவன் தொடப்பட்ட பிறகு சாகிறான். இங்கே தொடுவதற்கு முன்பே. ‘மீளா நிலை’ என்பது என் பரிந்துரை. கபாய்தேக்குக் ‘காப்புக் கை’.

கயல்:
‘காப்புக் கை’ என்றால் வளையல் போட்ட கை ஆகிவிடும், பர்வீன்.

பர்வீன்:
உண்மைதான். அப்படியானால் ‘தாங்கு கை’.

மாசிலாமணி:
‘மீளா நிலை’ தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவர் சொல்வதைப் போல இருக்கிறது. புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்துவதைப் பாடிய சாத்தந்தையார், ஒரு கால் எங்கே, மறுகால் எங்கே என்று உடலைக் காட்டினாரே தவிர நிலையைப் பேசவில்லை. மற்போர்ச் சொல்லில் உடல் இருக்க வேண்டும்.

முருகேசன்:
ஐயா சொல்வது சரி. சப்பானியர்களே ‘செத்த உடல்’ என்று பச்சையாகச் சொல்லும்போது நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

பர்வீன்:
அந்தக் களநடுவர் கடைசிவரை தகானோஹானா ‘சாகவில்லை’ என்றுதான் கண்டார். பார்த்தவர்களில் பலரும் அப்படியே கண்டார்கள். செத்த உடல் என்றால் ஐயத்துக்கு இடமில்லாத சொல். மீளுவாரா மாட்டாரா என்பது தீர்ப்பாளர் கண்ணைப் பொறுத்தது.

கயல்:
நேற்றிரவு அனுப்பிவிட்டேன். வரி இது: “தகானோஹானா மீளா நிலையில் இருந்தார்; ஊன்றியது தாங்கு கை.” படத்தொகுப்பாளர் ‘தாங்கு கை’யை அடித்துவிட்டு ‘ஊன்றிய கை குற்றமல்ல’ என்று மாற்றியிருக்கிறார். ‘மீளா நிலை’ தப்பிவிட்டது.

மாசிலாமணி:
‘சாயுடல்’ என்பதை என் மாறுபட்ட கருத்தாகக் குறித்துக்கொள்ளவும்.